60 வீட்டில் 52 முடிந்தது: திட்ட முடிவறிக்கையில் எப்படி எழுதுவது?

மலைப்பாதை: ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் ஊற்றுத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, பம்ப் இல்லாமல் வீடுகளுக்குக் குழாய் போட்டிருக்கிறோம். இலக்கு 60 வீடு, 240 பேர், ஆளுக்குத் தினம் 55 லிட்டர். 52 வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது. மீதி 8 வீடும் தொட்டியைவிட மேட்டில் இருப்பதால் ஏறவில்லை. நவம்பரில் அளந்தபோது 20 லிட்டர் பக்கெட் 40 விநாடியில் நிறைந்தது. நிதி கொடுத்த கம்பெனி முடிவறிக்கை கேட்கிறது. பலன், பாடம், நிலுவை மூன்றையும் எப்படி எழுத?

அஞ்சுரோடு: நிலுவை இருக்கும்போது முடிவறிக்கையே கொடுக்காதீங்க. கால நீட்டிப்பு வாங்கி எட்டையும் முடிச்சுட்டுக் கொடுங்க.

ஓவர்சியர்: மதிப்பீட்டுக்குள் முடிகிற வேலை என்றால் நீட்டிப்பு சரி. இங்கே பம்ப், கரண்ட் இணைப்பு, மேலே இன்னொரு தொட்டி என்று புது வேலையே வருகிறது. அதை நிலுவையில் காட்டி மூடுவதுதான் முறை. எனக்குப் பலன் பகுதிதான் கவலை. கோடையில் அளந்தீர்களா?

மலைப்பாதை: வேலை தொடங்குமுன் மே மாதம் அளந்தோம் சார். அதே பக்கெட், இரண்டரை நிமிடம்.

ஓவர்சியர்: அப்படியானால் நவம்பர் கணக்கை மட்டும் எழுதாதீர்கள். அது நிமிடத்துக்கு 30 லிட்டர், நாளுக்கு 43,200. மழைக்காலத் தண்ணீர் அது. மே மாதக் கணக்கில் நிமிடத்துக்கு 8, நாளுக்கு 11,520தான். 52 வீட்டின் 208 பேருக்கு 55 லிட்டர் என்றால் 11,440 வேண்டும். ஒரு சொட்டும் வீணாகாவிட்டால் மட்டுமே போதும். எட்டு வீட்டையும் சேர்த்தால் ஆளுக்கு 48 ஆகிவிடும். ஆக, பம்ப் வாங்கினாலும் கோடையில் இலக்கு எட்டாது. இரண்டு அளவையும் மாதத்தோடு பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

பாடத்தில் "மக்கள் ஒத்துழைப்பு அவசியம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. தொட்டிக்கு இடம் குறிக்குமுன், மேட்டிலுள்ள கடைசி வீடுவரை டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கவில்லை. அடுத்த ஊரில் அதைப் பார்த்த பிறகே இடம் முடிவாகும். இவ்வளவு எழுதினால் போதும்.

கொலுசுப்பட்டறை: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தோம். வேலை முடிந்தது, ஓனர் கையெழுத்துப் போடவில்லை. நாங்களும் இதே மாதிரி எழுதலாமா?

ஓவர்சியர்: உங்களுடையது ஒப்படைப்புப் பிரச்சினை தம்பி. எதை முடித்தால் கையெழுத்து என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். தனி இழை போடுங்கள்.

வரவுசெலவு: நிலுவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், தேதி, பணம் எங்கிருந்து என்ற மூன்றும் வேண்டும். "விரைவில் முடிக்கப்படும்" என்றால் கேள்வியோடு திரும்பி வரும். ஒப்பந்ததாரருக்குப் பிடித்துவைத்த தொகை மிச்சம் அல்ல, கொடுக்க வேண்டிய பாக்கி. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுங்க. அந்த மிச்சத்தில் பம்ப் வாங்குவதானால் கம்பெனியின் எழுத்துச் சம்மதம் முதலில்.

ஓவர்சியர்: வரும் மே மாதம் ஊற்றை மறுபடி அளப்பதும் நிலுவைதான். புதிதாகக் கட்டிய தேக்கத்தால் வரத்து கூடியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். அதற்கு முன் பம்ப் வேண்டாம் என்பேன்.

அஞ்சுரோடு: அதுவரை அந்த எட்டு வீட்டுக்காரங்க என்னங்க செய்வாங்க? தொட்டிக்குப் பக்கத்துல ஒரு பொதுக் குழாயாவது வைங்க.

மலைப்பாதை: வைக்கலாம்ங்க. பராமரிப்பை ஊராட்சி ஏற்குமா என்றுதான் இன்னும் பதில் வரவில்லை. கேட்டு எழுதிய கடிதத்தின் நகலை நிலுவைப் பட்டியலோடு இணைக்கிறேன்.