பாக்ஸ் பிளாட்டின் உச்சியில் இருக்கும் புள்ளிகளைத் தூக்கலாமா?

கவின்: `fetch_california_housing` தரவுக்கு பாக்ஸ் பிளாட் போட்டேன். விலையில் மேல் மீசையைத் தாண்டி கொஞ்சம் புள்ளிகள்தான் இருக்கு. அவுட்லையர்னு தூக்கிட்டு ரிக்ரஷனுக்குப் போயிடலாமா?

சண்முகம்: தாராளமா. மீசை ஏறக்குறைய 4.82 லட்சம் டாலரில் முடியுது. அதுக்கு மேல நாலஞ்சு பணக்கார வீடுங்க, அவ்வளவுதான். 1.5 IQR விதி இதுக்குத்தானே இருக்கு.

மலர்விழி: அவசரப்படாதீங்க கவின். முதல்ல இதை ஓட்டிப் பாருங்க:

```python
print(df["MedHouseVal"].value_counts().head(3))
df["MedHouseVal"].hist(bins=50)
```

5.00001ங்கிற ஒரே மதிப்பு 965 தடவை வரும். அத்தனையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பாக்ஸ் பிளாட்டில் ஒரே புள்ளியாத் தெரியுது. ஹிஸ்டோகிராமில் வலது ஓரத்தில் கம்பம் நட்ட மாதிரி நிக்கும். 1990 சென்சஸ் தரவில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட விலையை எல்லாம் 500001னு வெட்டி வெச்சிருக்காங்க. சண்முகம், அது வீடும் இல்லை. ஒரு வரிசைங்கிறது ஒரு வட்டாரம், விலை அதோட மீடியன்.

சண்முகம்: வட்டாரம்னு கவனிக்கலை, ஒத்துக்கறேன். ஆனா வெட்டப்பட்டதுன்னா தூக்க இன்னும் நல்ல காரணம் ஆச்சே? 20,640இல் 965, 5 சதவீதம்கூட இல்லை.

மலர்விழி: எந்த 5 சதவீதம்னு பாருங்க. வருமானத்தை X அச்சில் வெச்சு `alpha=0.1` கொடுத்து ஸ்கேட்டர் போடுங்க. ஆல்ஃபா இல்லாம போட்டா வெறும் நீலத் திட்டுதான், எங்க அடர்த்தின்னே தெரியாது. ஆல்ஃபா கொடுத்தா உச்சியில் படுக்கைக்கோடு தெளிவாத் தெரியும், அது வருமானம் கூடுற பக்கம்தான் அடர்ந்திருக்கும். அதைத் தூக்கினா பணக்கார வட்டாரங்களில் விலை குறைஞ்சதுங்க மட்டும் மிஞ்சும், கோட்டோட சரிவு தாழ்ந்துடும்.

ரஹீம்: எங்க மருத்துவமனை ரத்த அழுத்தத் தரவிலும் இதே கதை. 10 அகலத்தில் பட்டை போட்டப்போ அழகா மணி வடிவம். 1 அகலத்துக்கு மாத்தினதும் 120, 130, 140இல் மட்டும் ஊசி ஊசியா நிக்குது. அளந்தவங்க பூஜ்யத்தில் முடியற எண்ணா உருட்டி எழுதியிருக்காங்க. இதுவும் அப்படி உருட்டினதுதானே?

மலர்விழி: இல்லைங்க ரஹீம். உருட்டினா உண்மை மதிப்பு பக்கத்திலேயே இருக்கும். இங்க உண்மை விலை 5.1 லட்சமா, 9 லட்சமான்னே தெரியாது. ஆனா உங்க ஊசி இதிலயும் உண்டு: 1.375 மட்டும் 122 தடவை வருது.

கவின்: ஸ்கேட்டர் போட்டேன் அக்கா, கோடு பளிச்னு தெரியுது. அப்போ 965ஐ என்ன பண்றது?

மலர்விழி: வெட்டு இருக்குன்னு அறிஞ்ச டோபிட் மாதிரி மாடலைத்தான் நான் எடுப்பேன்.

சண்முகம்: டோபிட் பிழைகள் நார்மல்னு நம்புது, இந்த விலைகள் வலப்பக்கம் இழுபடுது. 5 லட்சத்துக்குக் கீழே மட்டும் கணிக்கிறேன்னு வெளிப்படையா எழுதிட்டுத் தூக்கறதே மேல்.

மலர்விழி: புது வட்டாரம் ஒண்ணு வந்தா அது 5 லட்சத்துக்குக் கீழேயான்னு கணிக்கிறதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?