தினேஷுக்குப் பொதுப் பணம்: முதலில் ஷீட்

தினேஷ்: எல்லாருக்கும் வணக்கம். நம் பொதுப் பணத்திலிருந்து கொஞ்சம் என் பந்தயக் கணக்கில் போடலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். குழுவில் கேட்கச் சொன்னார். 50 யூனிட்டில் ஆரம்பித்தேன், இப்போது 92. கால்பந்து மட்டும்தான்.

பெரியப்பா: கேட்கச் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை.

செல்வி சித்தி: யூனிட் என்றால் கரண்ட் பில்லா?

நித்யா: சித்தி 😂 பந்தயத் தொகையைத்தான் அப்படிச் சொல்கிறான்

ரகு மாமா: 50 போட்டு 92 என்றால் 84% லாபம். என் ஷேர் ஒன்றுகூட இப்படி ஏறியதில்லை.

கல்பனா அக்கா: தினேஷ், பேலன்ஸை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பந்தயத்தையும் ஒரு வரியாக எழுதி அனுப்பு. எவ்வளவு கட்டினாய், ஆட்ஸ் என்ன, அதாவது ஜெயித்தால் கட்டியதுபோல் எத்தனை மடங்கு திரும்ப வரும், முடிவு என்ன. ஜெயித்தது W, தோற்றது L, ரத்தானது V.

தினேஷ்: ஆப்பில் ஹிஸ்டரி இருக்கிறதே அக்கா, அந்தப் படம் போதாதா?

கல்பனா அக்கா: படத்தைக் கூட்டிக் கழிக்க முடியாதுடா.

பெரியப்பா: கல்பனா கேட்பதைக் கொடு.

தினேஷ்: சரி, தேதியும் மேட்ச் பெயரும் A, B-யில் இருக்கின்றன. மீதி இது.

```
     C    D     E
2    5   2.00   L
3    5   1.80   W
4   10   2.10   W
5   10   1.90   L
6   10   2.20   L
7   20   2.00   L
8   10   3.00   V
9   20   1.75   W
10  10   2.50   W
11  10   2.20   W
```

செல்வி சித்தி: இந்த ஷீட்டில் வீட்டுச் செலவும் எழுதலாமா? எனக்கும் ஒன்று வேண்டும்.

கல்பனா அக்கா: உங்களுக்குத் தனியாகப் போட்டுத் தருகிறேன் சித்தி. தினேஷ், F2-வில் இதைப் போட்டுக் கீழே இழு. அந்தப் பந்தயத்தின் லாபமோ நஷ்டமோ வரும்.

```
=IF(E2="W",C2*(D2-1),IF(E2="L",-C2,0))
```

தினேஷ்: எர்ரர் வருகிறது

கல்பனா அக்கா: உன் கணினியின் மொழி அமைப்பு வேறாக இருக்கும். கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி போட்டுப் பார்.

தினேஷ்: வந்துவிட்டது. ஆனால் 4-ஆம் வரி ஜெயித்த பந்தயம், அதில் 0 காட்டுகிறது

கல்பனா அக்கா: E4-இல் W-க்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்திருக்கும். ஷீட்டுக்கு அது W இல்லை, அதனால் ரத்தான பந்தயம் மாதிரி 0 போடுகிறது. இது சத்தமில்லாமல் வருகிற தப்பு, எர்ரர் எதுவும் காட்டாது. V இல்லாத வரியில் F 0 என்று இருந்தால், அது முடியாத பந்தயமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தப்பு. E-க்கு W, L, V மூன்று மட்டும் உள்ள டிராப்டவுன் வைத்துவிடு, பிறகு கையால் அடிக்க வேண்டியதில்லை.

தினேஷ்: ஆமாம், இடைவெளிதான். இப்போது 11 வருகிறது.

ரகு மாமா: மொத்தம் என்ன?

தினேஷ்: F-இன் கூட்டுத்தொகை 12

ரகு மாமா: 12-ஆ? 42 அல்லவா வர வேண்டும்?

நித்யா: அண்ணா, நடுவில் என்னிடம் 30 வாங்கினாயே

பெரியப்பா: எப்போது?

தினேஷ்: அது கடன் இல்லை பெரியப்பா, கணக்கு குறைந்திருந்தது என்று சேர்த்தது. நித்யாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நித்யா: போன தடவை வண்டிக்கு வாங்கியதும் அப்படித்தான் 🙂

அம்மா: இரண்டு பேரும் இங்கே ஆரம்பிக்காதீர்கள்.

கல்பனா அக்கா: அந்த 30 எந்தப் பந்தயத்துக்கு முன்னால் போட்டது?

தினேஷ்: 7-ஆம் வரிக்கு முன்னால். அப்போது பேலன்ஸ் 40 இருந்தது, போட்டதும் 70.

கல்பனா அக்கா: அப்படியென்றால் போட்டது மொத்தம் 80, இருப்பது 92, லாபம் 12. மாமா சொன்ன 84%-க்குள் நித்யாவின் பணமும் சேர்ந்துவிட்டது.

யீல்டுக்கு லாபத்தைக் கட்டிய தொகையால் வகுக்க வேண்டும். V ஆன 10-ஐயும் இன்னும் முடியாத பந்தயங்களையும் சேர்க்கக் கூடாது, அதனால் W, L மட்டும் எடுக்கிறேன். வலது பக்கம் ஒரு கட்டத்தில் போடு.

```
=SUM(F2:F500)/(SUMIF(E2:E500,"W",C2:C500)+SUMIF(E2:E500,"L",C2:C500))
```

தினேஷ்: 0.12

கல்பனா அக்கா: 12%. 100 யூனிட் கட்டி 12 சம்பாதித்திருக்கிறாய்.

ரகு மாமா: யீல்டும் ஆர்ஓஐயும் ஒன்றுதானே? ஏன் இரண்டு பெயர்?

கல்பனா அக்கா: மேலே இருக்கிற லாபம் ஒன்றுதான் மாமா, கீழே வகுக்கிற தொகை வேறு. ஒரே 50-ஐத் திரும்பத் திரும்பக் கட்டியதால் கட்டிய தொகை 100 ஆகிவிட்டது. யீல்டு அந்த 100-ஐப் பார்க்கிறது, ஆர்ஓஐ கையிலிருந்து போட்ட முதலைப் பார்க்கிறது. ஆனால் நிறைய பேர் யீல்டையே ஆர்ஓஐ என்று எழுதுகிறார்கள், அதனால் யார் சதவீதம் சொன்னாலும் எதால் வகுத்தீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

ரகு மாமா: அப்போது 12-ஐ 50-ஆல் வகுத்தால் 24%. நல்லதுதானே?

கல்பனா அக்கா: 80-ஆல் வகுத்தால் 15%. நான் 80 என்பேன், ஏனென்றால் 30 வராமல் இருந்திருந்தால் கடைசி வரை ஆடியிருப்பானா என்று தெரியாது.

ரகு மாமா: ஆனால் அந்த 30 பாதியில்தானே வந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்த பணம் மாதிரி வகுப்பது நியாயமில்லை.

கல்பனா அக்கா: அதுவும் உண்மைதான் மாமா. இரண்டையும் எழுதி வைப்போம்.

செல்வி சித்தி: என் ஷீட்டில் பால் கணக்குக்கு ஒரு பத்தி வேண்டும்

கல்பனா அக்கா: 👍 தினேஷ், இனிதான் முக்கியமான பகுதி. L1-இல் ஆரம்ப முதல் 50 எழுது. நடுவில் போட்ட பணத்துக்கு J என்று தனிப் பத்தி வை, அதை G-யில் சேர்க்காதே. G பந்தயத்தால் மட்டும் ஏறி இறங்குகிற கணக்கு. H அதுவரை தொட்ட உச்சம். I உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பது.

```
G2  =$L$1+SUM(F$2:F2)
H2  =MAX($L$1,G$2:G2)
I2  =H2-G2
L5  =MAX(I2:I500)
```

H-இல் L1-ஐ விட்டுவிடாதே. உன் முதல் பந்தயமே தோல்வி. L1 இல்லாவிட்டால் 45-ஐயே உச்சம் என்று எடுத்துக்கொள்ளும், முதல் 5 நஷ்டம் கணக்கில் வராது.

தினேஷ்: G-யில் 45, 49, 60, 50, 40, 20, 20, 35, 50, 62. L5-இல் 40.

கல்பனா அக்கா: அதுதான் மேக்ஸ் டிராடவுன். 60-இல் இருந்து 20-க்கு விழுந்திருக்கிறாய்.

தினேஷ்: ஆனால் பேலன்ஸ் ஒருபோதும் 40-க்குக் கீழே போகவில்லை அக்கா. ஆப்பில் நானே பார்த்தேன்.

கல்பனா அக்கா: போகாமல் தடுத்தது நித்யாவின் 30. ஆப்பில் உனக்குத் தெரிந்தது 60, 50, 40, பிறகு 70, பிறகு 50. அந்தப் பேலன்ஸிலிருந்து டிராடவுன் போட்டால் 60-40, 70-50, இரண்டிலும் 20தான் வரும். உண்மையில் விட்டது தொடர்ந்து 40. நடுவில் பணம் போட்டால் பள்ளம் மண் போட்டு மூடியது மாதிரி ஆகிவிடும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் F-இல் இருந்து கணக்குப் போடச் சொன்னேன்.

பெரியப்பா: 50 கொண்டு போனவன் 40 விட்டானா?

தினேஷ்: உச்சத்திலிருந்து 40 பெரியப்பா, முதலிலிருந்து 30தான். அப்புறம் எல்லாம் திரும்பி வந்துவிட்டதே.

கல்பனா அக்கா: வந்தது. ஆனால் C-யைக் கவனி. இரண்டு தடவை தோற்றதும் 10-ஐ 20 ஆக்கியிருக்கிறாய். அந்த ஒரே வரிதான் 40-ஐ 20 ஆக்கியது.

தினேஷ்: அந்த மேட்ச் நிச்சயம் என்று நினைத்தேன்

கல்பனா அக்கா: பக்கத்தில் இன்னொரு ஷீட்டில் எல்லா C-யையும் 10 ஆக்கிப் பார்த்தேன். லாபம் 13.5, டிராடவுன் 30. தொகையை மாற்றி மாற்றிக் கட்டியதால் லாபம் குறைந்து பள்ளம் ஆழமாகியிருக்கிறது.

ரகு மாமா: சதவீதத்தில் எவ்வளவு? 40-ஐ 60-ஆல் வகுத்தால் 67%. ஷேரில் அப்படித்தான் சொல்வோம்.

கல்பனா அக்கா: நித்யாவின் பணத்தைச் சேர்க்காவிட்டால் 67%. சேர்த்தால் எந்த உச்சத்தை வைத்து வகுப்பது என்று குழப்பம் வரும். அதனால் யூனிட்டிலேயே சொல்வது நல்லது மாமா.

ரகு மாமா: சதவீதம் இல்லாமல் இரண்டு பேரை எப்படி ஒப்பிடுவது?

அம்மா: மாமா, இவன் ஒருவன் போதும்.

பெரியப்பா: சுருக்கமாகச் சொல் கல்பனா. இவன் நன்றாக ஆடுகிறானா இல்லையா?

கல்பனா அக்கா: இந்த ஷீட் அதைச் சொல்லாது பெரியப்பா. முடிந்தது 9 பந்தயம்தான். ஆட்ஸ் 2 பக்கத்தில் இருந்து ஒரே தொகை கட்டினாலும், 9 பந்தயத்தில் யீல்டு அதிர்ஷ்டத்தாலேயே 33% இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாதாரணமாகப் போகும். 1000 பந்தயம் ஆனாலும் 3% அளவுக்கு ஆடும். இவனுடைய 12% அந்த 33%-க்குள் அடங்கிவிடுகிறது. டிராடவுனும் அப்படித்தான், நீண்ட நாள் ஆட ஆட இதைவிடப் பெரிய பள்ளம் வரும், சிறியதாகாது.

தினேஷ்: அப்போது 1000 வரை எழுதிவிட்டு வரட்டுமா?

பெரியப்பா: பொதுப் பணம் இல்லாமல் எழுது.

தினேஷ்: பெரியப்பா, 100 வரை எழுதிக் காட்டினால் பேசலாமா?

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை பேசலாம். முதலில் நித்யாவின் 30.

நித்யா: 🙏

ரகு மாமா: கல்பனா, அந்த I-க்குப் பக்கத்தில் `=I2/H2` என்று ஒரு பத்தி மட்டும் போட்டு வை. நான் பிறகு பேசுகிறேன்.

தினேஷ்: அக்கா, இன்று ராத்திரி மேட்ச்சுக்கு 10 கட்டியிருக்கிறேன். அதை இப்போதே எழுதலாமா?

கல்பனா அக்கா: இப்போதே எழுது. C, D போட்டு E-ஐக் காலியாக விடு. தோற்ற பிறகு எழுத மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.