அட்ரிஷன் ரிப்போர்ட்டில் காரணத்தை எப்படி எழுதுவது?

எச்.ஆர். நண்பர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் வேலை. வேலையை விட்டு விலகியவர்கள் கணக்கை மாதாமாதம் நிர்வாகத்துக்கு எக்செல் டேபிளாக மட்டும் அனுப்பிவந்தோம். இனி காரணமும், என்ன செய்யலாம் என்பதும் ஒரு பக்கத்தில் வேண்டுமாம்.

போன மாதம் சராசரி ஆள்பலம் 400. விலகியவர்கள் 28 பேர், அதாவது 7 சதவீதம். எக்ஸிட் படிவத்தில் பாதிக்கு மேல் 'சொந்தக் காரணம்' (அதை யார் நம்புவது!). சேர்ந்த தேதியை வைத்துப் பிரித்துப் பார்த்தால் 17 பேர் மூன்று மாதம்கூட முடிக்காதவர்கள். அவர்களில் 11 பேர் ஒரே தையல் லைன். போனில் விசாரித்தால் பலரும் சொன்னது ஒன்றுதான்: கை பழகும் முன்பே முழு டார்கெட், எட்டாவிட்டால் எல்லார் முன்னாலும் திட்டு.

புதியவர்களுக்கு முதல் மாதம் பாதி டார்கெட், அதையும் அந்த லைனில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம் என்று எழுத நினைக்கிறேன். பலன் தெரிய, 90 நாளுக்குள் விலகுவோரை இனி தனியாகக் காட்டுவேன்.

சூப்பர்வைசர் மேல் பழி போடுவதுபோல் இல்லாமல் இதை எப்படி எழுதுவீர்கள்? புரொடக்‌ஷன் மேனேஜரிடம் முன்கூட்டியே காட்டுவது நல்லதா? மாதிரிப் பத்தி இருந்தால் பெயர்களை எடுத்துவிட்டுப் பகிருங்கள்.