கசிந்த எண், ஓயாத விற்பனை அழைப்புகள்: கொழிஞ்சாம்பாறை பக்கம் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். வீட்டுச் சாமான் வாங்கிய ஒரு தளத்தின் தரவு கசிந்ததில் என் எண்ணும் போய்விட்டது. அன்றிலிருந்து லோன், இன்சூரன்ஸ், மனை என்று ஓயாத அழைப்பு. நான் வாங்கிய மிக்சியின் மாடலைக்கூடச் சொல்கிறார்கள், அதுவும் மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி.

1909-க்கு START 0 அனுப்பி டி.என்.டி. போட்டாயிற்று. 140-இல் தொடங்கும் அழைப்புகள் நின்றன. சாதாரணப் பத்து இலக்க எண்கள் நிற்கவில்லை. விற்பனை அழைப்புக்கென்று பதிவே செய்யாமல் கூப்பிடும் ஆட்களுக்கு டி.என்.டி. எங்கே உறைக்கும்? பிளாக் செய்தால் வேறு எண்ணில் வருகிறார்கள். எண்ணை மாற்றலாம் என்றால் பேங்க், ஆதார் எல்லாம் இதில்தான்.

அழைப்பு வந்த 7 நாளுக்குள் 1909-இல் புகார் கொடுக்க வேண்டும். 2025 விதிப்படி, ஒரே ஆள்மேல் 10 நாளில் 5 புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை. நான் ஒருத்தி கொடுத்து என்ன ஆகும்?

அதனால் கேட்கிறேன்: இதே மாதிரி மிக்சி கதையோடு உங்களுக்கும் அழைப்பு வருகிறதா? எண், தேதி, என்ன விற்றார்கள் என்று கீழே போடுங்கள். ஒத்துப்போகிற எண்களுக்கு ஒரே வாரத்தில் அவரவர் போனிலிருந்து புகார் கொடுப்போம். அப்புறம், புகார் 'முடிந்தது' என்று மூடப்பட்டவர்கள் மேல்முறையீடு எப்படிச் செய்தீர்கள்?