நீட்டினாலும் உடல் தெரியாத துணி: எப்படிச் சொல்வது?

முகிலன்:
வணக்கம். யோகா, பளுப்பயிற்சி உடைகளுக்கான துணிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓட்டப் பயிற்சிப் பகுதி சுலபமாக முடிந்தது: துணி லேசாக இருக்கவேண்டும், வியர்வை சட்டென்று உலரவேண்டும், தொடையை உரசக்கூடாது. யோகா பகுதியில்தான் மூன்று சொற்களில் சிக்கிக்கொண்டேன். போர்வே ஸ்ட்ரெட்ச், ஒப்பாசிட்டி, கிரிப். இப்போதைக்கு 'நாற்றிசை நீட்சி', 'ஒளிபுகாமை', 'பிடிப்பு' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

அறவாழி:
மூன்றுமே நல்ல சொற்கள், தம்பி. ஒளிபுகாமை பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது. துணி கனமாக இருந்தால் ஒளி புகாது, அவ்வளவுதானே? புதுச்சொல்லுக்கு அவசியமே இல்லை.

தனலட்சுமி (திருப்பூர்):
ஐயா, கனம் பாதிதான். மேசையில் விரித்தால் ஒன்றும் தெரியாத துணி, போட்டுக் குந்தினால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு கணக்கு போடுகிறேன். சதுர மீட்டருக்கு 250 கிராம், அதாவது 250 ஜிஎஸ்எம் கனமுள்ள இன்டர்லாக் பின்னல் துணி. குந்தும்போது பின்பக்கம் அகலத்தில் 40 விழுக்காடு, நீளத்தில் 20 விழுக்காடு நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.4 × 1.2, ஆக பரப்பு 1.68 மடங்கு. அதே நூல்தான் அவ்வளவு இடத்தையும் மூடவேண்டும். அந்த இடத்தில் மட்டும் ஜிஎஸ்எம் கிட்டத்தட்ட 149 ஆகிவிடும். அது ஓடுகிறவர்கள் போடும் டி-ஷர்ட்டின் கனம். 2013 மார்ச்சில் லுலுலெமன் நிறுவனம் கருப்பு யோகா பேன்ட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்ததும் உடல் தெரிகிற சிக்கலால்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதில் ஒளிக்குச் சம்பந்தமே கிடையாது. வெள்ளை பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் பிரின்ட் போட்டால் சாயம் மேல்பக்கத்தில்தான் நிற்கும். நீட்டினால் கண்ணி விரிந்து, உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். உடல் தெரியாது, ஆனால் கருநீலம் முட்டியில் சாம்பலாகிவிடும். துணி வாங்குகிற பையர் அதையும் ரிஜெக்ட் செய்வார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'நீட்டுமறைப்பு' சரியாக இருக்குமா?

முகிலன்:
நன்றாக இருக்கிறது அக்கா. இதை எப்படிச் சோதிப்பீர்கள்? கையேட்டில் அந்த வரியும் வருகிறது.

தனலட்சுமி:
அச்சடித்த தாள்மேல் துணியை வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று முதலில் பார்ப்போம். அதில் தேறினாலும் நம்பமாட்டோம். சரியான சைஸில் ஒருவரைப் போடச்சொல்லி, நல்ல வெளிச்சத்தில் முழுதாகக் குந்தவைத்துப் பின்னாலிருந்து பார்ப்போம். ஒரு சைஸ் சின்னதாகப் போட்டால் எந்தத் துணியும் தோற்றுப்போகும். துணிமேல் பழி போடுவதற்குமுன் அதையும் பார்க்கவேண்டும்.

ரஃபீக்:
கிரிப் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் ஜிம்மில் கையுறை வேண்டாம், சாக் பவுடர் போதும் என்பார் மாஸ்டர். அதற்கும் ஒரு தமிழ்ச்சொல் சொல்லுங்களேன்.

தனலட்சுமி:
தம்பி, இது கையோட கிரிப் இல்லை, துணியோடது.

ரஃபீக்:
ஓ, சரி சரி. அப்படியென்றால் என் கதை இதுதான். வழுவழுப்பான ரன்னிங் டி-ஷர்ட் போட்டு முதுகில் பார்பெல் வைத்தால், மூன்றாவது ஸ்குவாட்டுக்குள் பார் கீழே சறுக்கும். சாதாரணப் பருத்தி டி-ஷர்ட்டில் அசையாது. அதனால் கால் பயிற்சி செய்யும் நாளில் பருத்திதான்.

தனலட்சுமி:
அதேதான் விஷயம். ஓடுகிறவருக்குத் தொடையோடு தொடை உரசிப் புண்ணாகக்கூடாது, துணி வழுக்கவேண்டும். காகாசனம் செய்கிறவருக்கு முட்டி மேல்கையில் நிற்கவேண்டும், அங்கே வழுக்கினால் மூக்கு தரையில். மேல்பக்கத்தைத் தேய்த்து மெல்லிய பஞ்சுபோல ஆக்கும் பீச் ஃபினிஷ் கொடுத்த நைலான் இதற்கு நன்றாக நிற்கும். ஆனால் அதே துணியை பார்பெல்லின் சொரசொரப்பான பகுதியில் தேய்த்தால் சீக்கிரமே உருண்டை உருண்டையாகப் பில்லிங் வந்துவிடும். யோகாவுக்கும் பளுவுக்கும் ஒரே துணி என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

'பிடிப்பு' மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் அதை உடம்பை இறுக்கும் கம்ப்ரஷன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'வழுக்காமை' பார்க்கலாம்.

அறவாழி:
எதிர்மறையாக இருக்கிறதே அம்மா. 'உராய்பிடி' எப்படி? நாற்றிசை நீட்சியையாவது விட்டுவைப்பீர்களா?

தனலட்சுமி:
அதிலும் ஒரு குறை இருக்கிறது ஐயா. நீளவாக்கு, அகலவாக்கு என்று இரண்டு பக்கமும் பருத்தி சிங்கிள் ஜெர்சிகூட நீளும். திரும்பி வராது, முட்டியில் பை விழும். யோகா துணியில் 20 விழுக்காடு வரைக்கும் எலாஸ்டேன் என்ற ரப்பர்போன்ற நூல் போடுவதே அது பழைய அளவுக்குத் திரும்பத்தான். 'மீள்' என்று எங்காவது வரவேண்டும்.

முகிலன்:
'ஈரச்சு மீள்நீட்சி'?

ரஃபீக்:
ஈரத் துணி என்று படித்தேன் அண்ணா.

முகிலன்:
இரண்டு அச்சு என்றுதான் நினைத்து எழுதினேன், நானும் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்! நீட்டுமறைப்பை ஏற்றுவிடுகிறேன். கிரிப்புக்கு உராய்பிடியா வழுக்காமையா என்று மற்றவர்களும் சொல்லுங்கள். போர்வேயை வெள்ளிக்கிழமை வரை அப்படியே விட்டுவைக்கிறேன்.