புதுப்பிப்பு: ஒழுங்கை வாய்க்கால் சிரமதானம் முடிந்தது

“எங்கள் ஒழுங்கையின் வெள்ளவாய்க்காலைச் சிரமதானமாகத் துப்புரவாக்க இருக்கிறோம். யாரிடம் அனுமதி பெறுவது, அள்ளும் சேற்றை எங்கே கொட்டுவது?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தோம்.

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. கிராம அலுவலரின் கடிதமே போதும் என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி: அயலவரைத் திரட்ட அது உதவியது, ஆனால் உழவு இயந்திரத்துக்கும் கொட்டும் இடத்துக்கும் உள்ளூராட்சி சபைக்குத் தனியே எழுத வேண்டியிருந்தது.

பலித்தது ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் ஐயாவின் யோசனை. சேற்றை அள்ளியவுடன் ஏற்றாமல், மழை வந்தாலும் மீண்டும் வழிந்து விழாதபடி வாய்க்கால் விளிம்பிலிருந்து 3 அடி தள்ளிக் குவித்து, ஒரு நாள் வடியவிடச் சொன்னார். சனிக்கிழமை கூழாகக் கிடந்த சேறு மறுநாள் மண்வெட்டியில் கட்டியாக நின்றது. 5 லோட் என்று நாங்கள் கணக்கிட்டது 3 லோட்டில் அடங்கியது.

எதிர்பாராத சிக்கல் முதல் லோட்டில் வந்தது. சேற்றோடு பொலித்தீன் கலந்திருந்ததால் கொட்டும் இடத்தில் அதை ஏற்க மறுத்தார்கள்; வெயிலில் நின்று கையால் பிரித்தோம். பிறகு அள்ளும் இடத்திலேயே பொலித்தீனுக்கும் போத்தலுக்கும் வெவ்வேறு உரப்பைகள் வைத்தோம். உடைந்த போத்தல் ஒருவரின் மெல்லிய இறப்பர் கையுறையைக் கிழித்தது. தடித்த கையுறையே வாங்குங்கள்.

தன் கிணற்றை இறைப்பது பற்றிக் கேட்ட அக்கா, அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்பதே நல்லது.

வாய்க்காலில் இருந்து எடுத்த பழைய டயர்கள் 11 இன்னும் யாரும் எடுக்காமல் கிடக்கின்றன. நுளம்பு பெருகாதிருக்கத் துளையிட்டு, கூரையின் கீழ் அடுக்கியிருக்கிறோம்.