பந்து நடுவில் நிற்குது, ஓரத்தில் மட்டும் வெளியே நகருது: பந்து-சட்டம் செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்க

ஈசூன் தம்பி

வணக்கம். பாலிடெக்னிக் கடைசி வருஷம். புராஜெக்ட்டுக்குப் பந்து-சட்டம் செய்கிறேன், சட்டத்தைச் சாய்த்துச் சாய்த்து அதில் உருளும் பந்தைச் சொன்ன இடத்தில் நிறுத்தணும். 60 செ.மீ. அலுமினிய ஆங்கிளை V மாதிரி கவிழாமல் வைத்து, அதன் பள்ளத்தில் ஒரு எஃகு உருண்டை. நடுவில் அச்சு, என்கோடரோடு ஒரு டிசி மோட்டார். இடது முனையில் அல்ட்ராசானிக் சென்சார், 50 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தூரம் சொல்லும். சாமான் எல்லாம் சிம் லிம் டவரில் வாங்கினது.

உள்லூப் மோட்டார் கோணத்தைப் பிடிக்கும், அதற்கு ஃபேஸைக் கூட்டித் தர ஒரு லீடு. வெளிலூப் பந்தின் இடத்தைப் பார்த்து "இவ்வளவு சாய்" என்று உள்லூப்புக்குச் சொல்லும். சாய்வு சின்னதாக இருக்கும்போது சட்டத்திலிருந்து பந்து வரைக்கும் வெறும் இரட்டை இன்டக்ரேட்டர்தான், அதனால் அங்கேயும் லீடு கட்டாயம்.

முதலில் வெளிலூப்பில் ஒரே லீடு போட்டேன்:

```
C(s) = 2.2 (s + 0.67)/(s + 6)
```

பந்து நின்றது, ஆனால் நிற்பதற்குள் ஏழெட்டு தடவை போய்ப் போய் வந்தது. சென்சார் நடுங்குகிறதே என்று 10 ரீடிங் சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபேஸ் போதவில்லை என்று தோன்றியது. சராசரியைத் தூக்கிவிட்டு, வெளிலூப்பில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு லீடு தொடராகப் போட்டேன், ஒவ்வொன்றிலும் போலுக்கும் ஜீரோவுக்கும் விகிதம் 5. ஆட்டம் நின்றுவிட்டது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் கவனித்தேன். நடுவில் நில் என்றால் நடுவில் நிற்கிறது. வலது பக்கம் 15 செ.மீ.யில் நில் என்றால் 20 கிட்டப் போய் நிற்கிறது. இடது பக்கம் சொன்னாலும் அதே மாதிரி 20. சட்டமும் எப்போதும் பொடிப்பொடியாக நடுங்குகிறது. இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கா?

தெம்பனிஸ் ராஜு

தம்பி, இது மேசை மட்டம் சரியில்லாத கேஸ். நான் செய்தபோது வீட்டு மேசையே அரை டிகிரி சாய்ந்திருந்தது, அதிலேயே பந்து மூன்று நாலு செ.மீ. தள்ளி நின்றது. மட்டப்பலகை வைத்துப் பாரு. அதுக்கப்புறமும் இருந்தால் கொஞ்சம் இன்டக்ரல் சேர்த்துவிடு, எந்தப் பிழையையும் அது தின்றுவிடும். பத்து நிமிஷ வேலை.

செங்காங் மாலா

எங்க வீட்டிலும் இதே கதை! மகன் உயர்நிலை இரண்டு, அறிவியல் கண்காட்சிக்குப் பிங்பாங் பந்து வைத்துச் செய்தான். பந்து ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் மேலே சுற்றுகிற காற்றாடிதான் தள்ளுது. காற்றாடியை நிறுத்தினதும் சரியாகிவிட்டது. தம்பி, வீட்டில் காற்றாடி ஓடுதா பாருங்க.

பழைய ஜூரோங்

மாலா, உங்க மகனுடையது வெற்றுப் பந்து, எடையே இல்லை. அதைக் காற்று தள்ளும். இவருடையது எஃகு உருண்டை, காற்றாடிக்கு அசையாது.

ராஜு சொன்ன மட்டப் பிழை உண்மையிலேயே வரக்கூடியதுதான். ஆனால் தம்பி எழுதினதில் ஒரு வரியைக் கவனியுங்க: இரண்டு பக்கமும் வெளியே போகுது, நடுவில் சரியாக நிற்குது. மேசை சாய்ந்திருந்தால் எங்கே நிற்கச் சொன்னாலும் ஒரே திசையில்தான் தள்ளும். வலது பக்கம் 15-க்கு 18 என்றால், இடது பக்கம் 15-க்கு 12 வரணும். நடுவிலும் விலகணும்.

நான் முப்பது வருஷம் சர்வோ வேலை பார்த்தவன், கப்பல் பட்டறையிலும் பிறகு ஒரு மெஷின் கம்பெனியிலும். தம்பி, உங்க சமன்பாட்டில் தூக்கிப்போட்ட உறுப்பைத் திரும்ப எடுத்துவைங்க:

```
r'' = k (r·w² − g·sin a)
```

r நடுவிலிருந்து பந்தின் தூரம், a சாய்வு, w சட்டம் திரும்புகிற வேகம், g புவியீர்ப்பு, k பந்து உருளுவதால் வரும் எண். நேரியலாக்கும்போது w சின்னது, அதன் வர்க்கம் இன்னும் சின்னது என்று அந்த r·w²-ஐ விட்டுவிடுகிறோம். மெதுவாகத் திரும்புகிற சட்டத்துக்கு அது நியாயம். உங்க சட்டம் நடுங்குகிறது. நடுக்கத்தில் w ஒரு தரம் கூட்டல், ஒரு தரம் கழித்தல், சராசரி சுழியம். ஆனால் w² எப்போதும் கூட்டல்தான். ஆக, சட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பந்தை வெளியேதான் எறியும், r கூடக்கூட இன்னும் பலமாக. நடுவில் r சுழியம், அதனால் அங்கே ஒன்றும் தெரியாது. நீங்க சொன்ன அடையாளம் அப்படியே பொருந்துது.

எவ்வளவு நடுங்குது என்று ஃபோனில் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணிச் சொல்லுங்க. சட்டத்தின் முனை எவ்வளவு ஏறி இறங்குது, விநாடிக்கு எத்தனை தடவை. அந்த இரண்டும் போதும்.

ஈசூன் தம்பி

அங்கிள், எடுத்தேன். முனைக்குப் பின்னால் கிராஃப் தாள் ஒட்டிவைத்து எடுத்தேன். கோடுகளை எண்ணினால் மேலே ஒரு செ.மீ., கீழே ஒரு செ.மீ. இரண்டு விநாடியில் எட்டு தடவை. ஒரே சீராக இல்லை, சில நேரம் கூடும், சில நேரம் குறையும்.

பழைய ஜூரோங்

சரி, கணக்குப் போடுவோம். 30 செ.மீ. கையில் ஒரு செ.மீ. என்றால் 2 டிகிரி. விநாடிக்கு 4 தடவை. w-இன் உச்சம் விநாடிக்கு 0.88 ரேடியன், வர்க்கத்தின் சராசரி 0.385. இது பந்தை வெளியே இழுக்கிற ஸ்பிரிங் மாதிரி.

உள்ளே இழுப்பது உங்க வெளிலூப். அசையாமல் நிற்கிற பந்துக்கு லீடின் குறைந்த அதிர்வெண் கெயின் மட்டும்தான் கிடைக்கும். இரண்டு லீடும் சேர்ந்து கிராஸ்ஓவர் விநாடிக்கு 2 ரேடியனில் இருந்தால் அந்தக் கெயின் மீட்டருக்கு 0.147 ரேடியன்தான். g-யால் பெருக்கினால் 1.44. இப்போது இழுபறி: 1.44 × (r − 15) = 0.385 × r. விடை 20.5 செ.மீ. நீங்க பார்த்தது 20 கிட்ட. k இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகுது.

இதில் இரண்டாவது லீடு உங்களுக்கு இரண்டு விதத்தில் கெடுதல் செய்தது. கிராஸ்ஓவரை அதே இடத்தில் வைத்து ஃபேஸைக் கூட்டினால் கீழ்க்கெயின் இறங்கும், மேல்க்கெயின் ஏறும். ஒரே லீடில் கீழே 0.245, மேலே 2.2. இரண்டு லீடில் கீழே 0.147, மேலே 3.67. சென்சார் ஒரு செ.மீ. தப்பாகச் சொன்னால் சட்டம் உடனே 2 டிகிரி துள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தது, நடுக்கம் வளர்ந்தது.

இன்டக்ரல் போட்டால் பந்து 15-இல் வந்து நிற்கும், ராஜு சொன்னது அந்த மட்டுக்கும் சரி. ஆனால் சட்டம் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும், கிடைத்த ஃபேஸில் கொஞ்சத்தையும் அது தின்னும்.

ராபிள்ஸ் லேப் அக்கா

நான் லேப்பில் இதே மாதிரி செட் பராமரிக்கிறேன். தம்பி, உங்க முதல் வடிவம் ஆடினதுக்குக் காரணம் லீடு போதாமை இல்லை. 10 ரீடிங் சராசரி என்றால் சராசரியாக 225 மில்லிசெகண்ட் பழைய செய்தி. கிராஸ்ஓவரில் அது 26 டிகிரி. லீடு தருவது 53. சாம்பிளிங்குக்கும் உள்லூப்புக்கும் கொஞ்சம் போனால் உங்க கையில் இருபதுக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஆடாமல் என்ன செய்யும்?

சராசரிக்குப் பதில் மூன்று ரீடிங்கை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்க. எஃகு உருண்டையில் பட்டு ஒலி சிதறும்போது திடீரென்று ஒரு தப்பு ரீடிங் வரும், அதை இது அப்படியே கழற்றிவிடும், தாமதமும் 50 மில்லிசெகண்ட்தான். பிறகு பழைய ஒற்றை லீடுக்கே போங்க. நாற்பது டிகிரி கிட்ட மிஞ்சும். எங்க பிள்ளைகள் வருஷா வருஷம் இதில் மாட்டுகிறார்கள்: முதலில் வடிகட்டி போட்டு ஃபேஸைத் தொலைப்பது, பிறகு அதை லீடில் தேடுவது.

இன்னொன்று, k-க்கு என்ன போட்டீங்க? தட்டையான சட்டத்தில் 5/7, g-யால் பெருக்கினால் 7 வரும். 90 டிகிரி V பள்ளத்தில் உருண்டை தன் முழு ஆரத்தில் உருளாது, இரண்டு ஓரத்தில் தொட்டு உருளும், அதனால் அதிகமாகச் சுழலணும். 7 இல்லை, 5.45.

ஈசூன் தம்பி

அக்கா, 5.45-தான் போட்டேன். ஆரம்பத்தில் 7 என்று நினைத்து, 5 டிகிரி சாய்த்து 40 செ.மீ. உருட்டி நேரம் பார்த்தேன். 1.14 விநாடி எதிர்பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் 1.3 வந்தது. உராய்வு என்று இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் துடைத்தேன், அப்புறம்தான் பள்ளம் ஞாபகம் வந்தது.

நேற்று இரவு நீங்க இரண்டு பேரும் சொன்னபடி மாற்றினேன். நடுக்கம் பாதிக்கும் கீழே, முனையில் அரை செ.மீ.கூட இல்லை. வலது பக்கம் 15-க்கு 16.2, இடது பக்கம் 15-க்கு 15.4. அங்கிள் கணக்கை ஒரு டிகிரி நடுக்கத்துக்குப் போட்டால் இரண்டு பக்கமும் 15.6 வருது. வலதும் இடதும் ஏன் ஒன்றாக இல்லை?

தெம்பனிஸ் ராஜு

இப்போது கண்டிப்பாக மட்டம்தான். கணக்கு சொன்ன 15.6-இலிருந்து இரண்டும் ஒரே திசையில் வலது பக்கமாக விலகியிருக்கு பாரு.

ராபிள்ஸ் லேப் அக்கா

இருக்கலாம், ஆனால் எனக்குச் சென்சார் மேல் சந்தேகம். தம்பி, தூரத்தை எங்கே வைத்து அளந்து சரிசெய்தீங்க? ஏர்கான் லேப்பில் 24 டிகிரி, வீவக வீட்டில் 32 என்றால் ஒலியின் வேகம் 1.3 சதவீதம் கிட்டக் கூடும். பந்து உண்மையில் இருப்பதைவிடக் கிட்டே இருப்பதாகச் சென்சார் சொல்லும். சென்சாரிலிருந்து வலது பக்கம் 45 செ.மீ., அங்கே 6 மில்லிமீட்டர் பிழை. இடது பக்கம் 15 செ.மீ., அங்கே 2 மில்லிமீட்டர், அதுவும் உள்பக்கமாக. உங்க இரண்டு எண்ணும் அப்படியே வருது.

தெம்பனிஸ் ராஜு

அக்கா, வலதுக்கும் இடதுக்கும் உள்ள அந்த எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை வெறும் மட்டப் பிழையும் தரும். 16-உம் 15.2-உம் வரும். ஸ்கேலில் கண்ணால் பார்க்கிற தம்பிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பழைய ஜூரோங்

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியது. தம்பி, முழு அமைப்பையும் அதே மேசையில் அப்படியே அரைவட்டம் திருப்பி வைங்க, சென்சார் சட்டத்தோடு போகட்டும். மேசை சாய்வு என்றால் பந்து விலகுகிற திசை அறைக்கு மாறாது, ஜன்னல் பக்கம் என்றால் ஜன்னல் பக்கமே. சென்சார் என்றால் விலகலும் சென்சாரோடு திரும்பும்.

ஈசூன் தம்பி

சரி அங்கிள். சென்சாரை லேப்பில்தான் அளந்தேன், சட்டம் வீட்டில் ஓடுது, ஏர்கான் இல்லை. நாளைக்கு வேலை முடிந்து வந்ததும் திருப்பிவைத்துப் பார்த்து எண்களைப் போடுகிறேன்.